கம்ப்ளைன்ட் முடிந்தது, ஏசி ஓடவில்லை

அமெரிக்காவில் ஒரு பெண் தன் சம்பளக் காசோலையை மாற்ற வங்கிக்குப் போனார். நாடறிந்த ஒரு நிறுவனம் கொடுத்த காசோலை, பணம் வராமல் போய்விடுமோ என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் அதில் மறுநாள் தேதி போட்டிருந்தது. அந்த ஒரு நாளைக் காரணம் காட்டி வங்கி பணம் தர மறுத்துவிட்டது. பிறகு ஒரு ஆய்வுக்காகக் கூட்டிய வாடிக்கையாளர் கூட்டத்தில், மோசமான சேவைக்கு உதாரணமாக அவர் இதைச் சொன்னார். பக்கத்தில் இருந்த ஒருவர், தேதி வராத காசோலைக்குப் பணம் கொடுக்கச் சட்டம் இடம் தராது என்று எடுத்துச் சொன்னார். அந்தப் பெண் சமாதானமாகவில்லை. அதை வங்கியில் ஒருவரும் தனக்கு விளக்கவில்லையே என்று திருப்பிக் கேட்டார்.

வங்கியால் முடியவில்லை. வங்கிக்கு மனமில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். கவுன்ட்டரில் நடந்தது ஒன்றுதான். விளக்கமாக இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் அதே மறுப்பு அவருக்கு வேறு விதமாகப் பட்டிருக்கும்.

இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கும் கட்டுரை 1985-ல் வெளியானது. எழுதியவர்கள் பரசுராமன், வலேரி ஸைதாமல், லெனார்ட் பெர்ரி என்ற மூன்று பேராசிரியர்கள். அப்போது மூவரும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். பரசுராமன் சென்னை ஐஐடியில் பொறியியல் படித்து, ஆமதாபாத் ஐஐஎம்மில் நிர்வாகம் படித்து, அதன்பின் அமெரிக்கா போனவர். 'சேவைத் தர இடைவெளி மாதிரி' என்று இன்று எல்லா மேலாண்மை வகுப்பிலும் சொல்லித்தரப்படுவது இவர்கள் போட்ட படம்தான்.

அவர்கள் செய்த வேலை எளிமையானது. வங்கி, கிரெடிட் கார்டு, பங்குத் தரகு, வீட்டுச் சாதனங்களின் பழுதுபார்ப்பு என்று நான்கு தொழில்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறுவனத்தின் அதிகாரிகளிடம் நல்ல சேவை என்றால் என்ன என்று கேட்டார்கள். அதே கேள்வியை 12 வாடிக்கையாளர் குழுக்களிடமும் கேட்டார்கள். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரு தரப்பும் பல இடங்களில் வேறு வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது.

வங்கி, பங்குத் தரகு வாடிக்கையாளர்கள் கூடிய ஒவ்வொரு குழுவிலும், தங்கள் பணவிவகாரம் மற்றவர் காதில் விழக்கூடாது என்ற பேச்சு வந்தது. அதிகாரிகளிடமிருந்து அந்தப் பேச்சு அபூர்வமாகத்தான் வந்தது. பழுதுபார்ப்பில் இன்னும் தெளிவான முரண் இருந்தது. எங்கள் நிறுவனம் பெரியது, அதனால் நம்புவார்கள் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். வாடிக்கையாளர்களோ சின்னக் கடை மெக்கானிக்கைத்தான் அதிகம் மெச்சினார்கள். பெரிய நிறுவனத்தின் மிகப் பெரிய பலம் என்று எதை அதிகாரிகள் நினைத்தார்களோ, அதுவே வாசலில் நிற்கும் வாடிக்கையாளருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

ஒரு சேவை திருப்தி தராமல் போவது வாடிக்கையாளர் முன்னால்தான் தெரியும். ஆனால் அதற்கான காரணம் அதற்கு முன்பே, நிறுவனத்துக்குள் நான்கு இடங்களில் உருவாகிறது என்பதுதான் இந்த மாதிரியின் சாரம். அந்த நான்கையும் தனித்தனியாகச் சொன்னால் மனதில் நிற்காது. மே மாதத்தில் சென்னையில் ஒரு ஏசி பழுதாவதை வைத்துப் பார்ப்போம். இது நான் கற்பனையாக அமைத்த நிகழ்ச்சிதான். ஆனாலும் ஏசி வைத்திருக்கும் யாருக்கும் இதன் ஒவ்வொரு கட்டமும் தெரிந்ததாகவே இருக்கும்.

திங்கள் காலை ஏசி குளிர்காற்று தராமல் வெறும் காற்றை ஊதுகிறது. வீட்டில் வயதான மாமியார் இருக்கிறார். வாங்கும்போது விளம்பரத்தில் '24 மணி நேரத்தில் சேவை' என்று பார்த்தது ஞாபகம் இருக்கிறது. கால் சென்டருக்குப் போன் போட்டால், "நாளைக்குள்ள டெக்னீஷியன் உங்களைத் தொடர்புகொள்வாங்க மேடம்" என்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் செவ்வாய்க்கு அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்கிறார். செவ்வாய் மாலை ஐந்து மணிக்குப் போன் வருகிறது. "நாளைக்கு வரேன்" என்கிறார் டெக்னீஷியன். எத்தனை மணிக்கு என்று கேட்டால், "முன்னாடி நாலு கால் இருக்கு, முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்" என்கிறார்.

புதன்கிழமை மாலை நாலரை மணிக்கு வருகிறார். மரியாதையாகப் பேசுகிறார், செருப்பை வெளியே விட்டு வருகிறார், சீருடை சுத்தமாக இருக்கிறது. வெளி யூனிட்டைத் திறந்து பார்த்துவிட்டு போர்டு போயிருக்கிறது, பார்ட் கையில் இல்லை, வர இரண்டு நாள் ஆகும் என்கிறார். பிறகுதான் அந்தப் பேச்சு.

"அக்கா, உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"ஏசி இன்னும் ஓடலையே தம்பி, அதுக்குள்ள எதுக்கு ஓடிபி?"

"இதை க்ளோஸ் பண்ணிடுறேன் அக்கா. பார்ட் வந்ததும் புதுசா ஒரு கம்ப்ளைன்ட் போட்டுக்கலாம். இல்லன்னா எனக்குப் பெண்டிங் காட்டும்."

அந்த வீட்டில் அன்று கோபம் முழுவதும் அந்தப் பையன் மேல் விழும். நிறுவனத்துக்குப் போகும் ரேட்டிங்கில் ஒரு நட்சத்திரம் விழும். மேலாளர் அதைப் பார்த்துவிட்டுப் பயிற்சி வகுப்பு வைப்பார். இந்த மாதிரியின்படி இது தவறான வைத்தியம். ஒவ்வொரு முடிச்சாகப் பின்னோக்கி அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில், நிறுவனம் வாடிக்கையாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று நினைத்தது? வேகத்தை. அந்தப் பெண்ணுக்கு வேகமும் வேண்டும், ஆனால் அதைவிட அதிகமாக வேண்டியது நிச்சயம். புதன்கிழமை நாலு மணி என்று திங்களன்றே சொல்லியிருந்தால் செவ்வாய் லீவு வீணாகியிருக்காது, மாமியாரை இரண்டு நாள் மகள் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். மூன்று நாள் என்ற நீளத்தைவிட, எப்போது என்று தெரியாமல் காத்திருந்ததுதான் அவரை அதிகம் வாட்டியது. இதை அறியாதது முதல் இடைவெளி. வாடிக்கையாளரோடு நேராகப் பேசுகிறவர்கள் டெக்னீஷியன்கள்தான். அவர்களுக்கு இது தினமும் தெரியும். ஆனால் அவர்கள் சொல்வது மேலே போய்ச் சேர வழி இருக்காது. நிர்வாக அடுக்குகள் கூடக்கூட இந்த இடைவெளி பெரிதாகும் என்று அந்த ஆய்வாளர்களே கருதினார்கள்.

இரண்டாவது, தெரிந்ததையும் விதியாக மாற்ற முடியாமல் போவது. 1985 கட்டுரையில் வரும் ஒரு பழுதுபார்ப்பு அதிகாரியின் புலம்பல் நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். சாதனம் பழுதானால் வாடிக்கையாளர் உடனே ஆள் வர வேண்டும் என்று நினைப்பார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஏசியும் புல்வெட்டும் இயந்திரமும் கோடையில்தான் அதிகம் பழுதாகின்றன. ஊழியர்கள் விடுமுறை கேட்பதும் அதே கோடையில்தான். அதனால் கறாரான கெடு வைக்க முடியவில்லை என்றார் அவர். நம் கதையில் நிறுவனம் கெடு வைத்திருக்கிறது, ஆனால் தவறான இடத்தில். புகார் பதிவான நேரத்துக்கும் அது 'க்ளோஸ்' ஆன நேரத்துக்கும் இடையில் இருப்பதை அது அளக்கிறது. ஏசி குளிர்ந்த நேரத்தை அளக்கவில்லை. ஆகவே ஒரே பழுது இரண்டு புகார்களாகி, இரண்டுமே கெடுவுக்குள் முடிந்ததாகக் கணினியில் பச்சை நிறம் காட்டும். மேலாளருக்குத் திரையில் குறையே தெரியாது.

மூன்றாவது இடைவெளி, விதி ஒன்றாகவும் நடப்பது வேறாகவும் இருப்பது. ஊழியர் சரியில்லை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் இங்கேயும் காரணம் அவருடைய குணத்தில் இல்லாமல் இருக்கலாம். அவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை கால் என்று கணக்கு இருக்கிறது. அம்பத்தூரில் ஒன்று, அடுத்தது வேளச்சேரியில். பையில் எந்தெந்த உதிரிபாகம் இருக்க வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வதில்லை, கிடங்கு முடிவு செய்கிறது. நல்ல வேலை செய் என்று ஒரு புறம், எண்ணிக்கை குறையக்கூடாது என்று இன்னொரு புறம் இழுக்கும்போது, சம்பளத்தைத் தீர்மானிக்கும் பக்கம்தான் வெல்லும். அந்த ஓடிபி கேள்வி சோம்பேறித்தனத்தில் வந்ததல்ல. இரண்டாவது இடைவெளியில் வைத்த தவறான அளவுகோல் மூன்றாவது இடைவெளியில் அவர் வாய் வழியாக வெளியே வந்தது.

நான்காவது, வெளியே சொன்ன வார்த்தை. '24 மணி நேரத்தில் சேவை' என்று எழுதிய விளம்பரக்காரருக்குச் சேவைப் பிரிவின் விதி தெரிந்திருக்காது. அந்த விதியின்படி 24 மணி நேரத்துக்குள் டெக்னீஷியன் ஒரு போன் செய்தால் போதும். அவர் செவ்வாய் மாலை ஐந்து மணிக்குப் போன் செய்தபோதே கெடு தாண்டிவிட்டது. அவர் சரியாகச் செவ்வாய் காலை கூப்பிட்டிருந்தால் நிறுவனத்தின் கணக்கில் வாக்குறுதி நிறைவேறியிருக்கும், வாடிக்கையாளரின் கணக்கில் அப்போதும் உடைந்திருக்கும். நான்கிலும் எளிதாகத் திறந்துகொள்வதும், எளிதாக மூடக்கூடியதும் இதுதான் என்பது என் எண்ணம். டெக்னீஷியன்களைப் புதிதாக எடுக்கப் பணமும் மாதங்களும் வேண்டும். விளம்பரத்தில் ஒரு வரியைத் திருத்த ஒரு மதியம் போதும்.

இந்த நான்காவதற்கு இன்னொரு முகமும் உண்டு. அதிகமாகச் சொல்வது மட்டும் தவறல்ல, செய்ததைச் சொல்லாமல் விடுவதும் தவறுதான். அந்த ஆய்வில் வந்த பங்குத் தரகு நிறுவனத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. நிறுவனம் தரும் ஒரு தகவலை வைத்து ஊழியர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் முதல் 48 மணி நேரத்துக்கு வாங்கவோ விற்கவோ கூடாது. வாடிக்கையாளரின் நலனுக்காக வைத்த விதி இது, ஆனால் அவர்களிடம் சொல்லவே இல்லை. குழுக் கூட்டங்களிலோ, நல்ல வாய்ப்புகளையெல்லாம் தரகர்கள் தங்களுக்கே எடுத்துக்கொள்கிறார்கள் என்ற சந்தேகம் ஒலித்தது. மறுநாள் தேதி போட்ட காசோலையோடு திரும்பிப் போன பெண்ணின் கதையும் இதே ரகம்.

இந்த நான்கும் சேர்ந்து விளைவிப்பதுதான் ஐந்தாவது இடைவெளி: வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் அவர் உணர்ந்ததற்கும் உள்ள வித்தியாசம். கண்ணில் படுவது இது ஒன்றுதான்.

இப்போது அதே புதன்கிழமை, அதே பழுது, ஆனால் தெருமுனைக் கடை மெக்கானிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்னைக்கு முடியாது அக்கா, நாளன்னைக்கு சாயங்காலம் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவரும் புதன் மாலையே வருகிறார். போர்டு கிடைக்க இரண்டு நாள் ஆகும் என்கிறார். வந்த நேரமும் ஒன்று, தாமதமும் ஒன்று. ஆனால் இவர் மேல் கோபம் வருவதில்லை. காரணத்தை அதே மூவரும் 1991-ல் எழுதிய இன்னொரு கட்டுரையில் விளக்கினார்கள். நம் மனதில் எதிர்பார்ப்பு ஒரே கோடாக இருப்பதில்லை. இப்படிக் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்ற மேல்மட்டம் ஒன்று, இதற்குக் கீழே போனால் ஏற்கமாட்டேன் என்ற கீழ்மட்டம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் பொறுத்துக்கொள்ளும் பரப்பு இருக்கிறது. அந்தப் பரப்புக்குள் சேவை எங்கே விழுந்தாலும் நாம் பெரிதாகக் கவனிப்பதுகூட இல்லை. கீழ்மட்டத்தைத் தாண்டி விழும்போதுதான் எரிச்சல் வருகிறது.

வெளிப்படையான வாக்குறுதி அந்தக் கீழ்மட்டத்தை மேலே தூக்கிவிடும். '24 மணி நேரம்' என்று படித்த பிறகு 30 மணி நேரம்கூடத் தாமதம்தான். வீட்டில் முதியவர் இருப்பதும் தூக்கும், அதிகப் பணம் கொடுத்து வருடாந்திர ஒப்பந்தம் எடுத்திருப்பதும் தூக்கும். முன்பு ஒருமுறை சொன்ன சொல் தவறியிருந்தால் அடுத்த முறை பரப்பு இன்னும் குறுகும். இரண்டு முறை ஏமாந்தவருக்கு மூன்றாம் முறை பொறுமை ஏன் இல்லை என்று கால் சென்டர் பெண் வியப்பது இதனால்தான்.

வித்தியாசத்தை அளப்பது எப்படி? மூவரும் 97 வாக்கியங்களில் தொடங்கி, சோதித்துக் கழித்து, 1988-ல் 22 வாக்கியங்கள் கொண்ட 'செர்வ்குவால்' என்ற கேள்வித்தாளை வெளியிட்டார்கள். சிறந்த நிறுவனம் எப்படி இருக்க வேண்டும் என்று 22 கேள்வி, இந்த நிறுவனம் எப்படி இருக்கிறது என்று அதே 22 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் இடைவெளி வரும். 22-ம் ஐந்து குணங்களுக்குள் அடங்கும்: சொன்னபடி செய்யும் நம்பகம், உடனே உதவ முன்வருவது, விஷயம் தெரிந்தவர் என்ற நம்பிக்கை தருவது, தனிப்பட்ட அக்கறை, கடைசியாகக் கட்டடம், சீருடை, கருவி போன்ற கண்ணில் படும் பொருள்கள்.

நம் ஏசி வீட்டில் இதே வரிசையில் இடைவெளிகள் கழித்தல் 4, கழித்தல் 2, பூஜ்யம், கூட்டல் 1, கூட்டல் 2 என்று வந்ததாகக் கொள்வோம். நேராகச் சராசரி எடுத்தால் கழித்தல் 0.6. அவ்வளவு மோசமில்லை என்று தோன்றும். ஆனால் ஐந்தும் வாடிக்கையாளருக்குச் சம எடை உள்ளவை அல்ல. 100 புள்ளிகளை ஐந்துக்கும் பிரித்துக் கொடுங்கள் என்று அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் கேட்டபோது நம்பகத்துக்கு 32, உடனடி உதவிக்கு 22, பிறகு 19, 16, கடைசியாகக் கண்ணில் படும் பொருள்களுக்கு 11 என்று கொடுத்திருந்தார்கள். அந்த எடையைப் போட்டால் நம் வீட்டுக் கணக்கு கழித்தல் 1.34 ஆகிறது. சுத்தமான சீருடையும் மரியாதையான பேச்சும், உடைந்த சொல்லை ஈடுகட்டவில்லை. ஆனால் நிறுவனங்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் சீருடையிலும் வரவேற்புக் கூடத்திலும்தான், ஏனென்றால் அதை மாற்றுவது சுலபம்.

இந்த அளவீட்டுக்கு எதிர்ப்பும் உண்டு, அது நியாயமானது. 1992-ல் க்ரோனின், டெய்லர் என்ற இருவர் எதிர்பார்ப்பைக் கேட்கவே வேண்டாம், கிடைத்த சேவையை மட்டும் மதிப்பிடச் சொன்னாலே போதும் என்று வாதிட்டார்கள். சிறந்த நிறுவனம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் யாருமே எல்லாவற்றுக்கும் 6, 7 என்றுதான் போடுவார்கள். 7 எதிர்பார்த்து 6 கிடைத்தவருக்கும், 3 எதிர்பார்த்து 2 கிடைத்தவருக்கும் இடைவெளி ஒன்றேதான், ஆனால் இருவரின் நிலையும் ஒன்றல்ல. எண்ணைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதை ஏற்கலாம். ஆனால் 2 மதிப்பெண் கிடைத்தது ஏன் என்று தேட, எதிர்பார்ப்பைக் கேட்காமல் வழியில்லை. இந்த மாதிரியின் மதிப்பு மதிப்பெண்ணைவிட அந்தத் தேடலில் இருக்கிறது.

தேடலும் கடினமில்லை. வாடிக்கையாளருக்கான எதிர்பார்ப்புக் கேள்வித்தாளை மேலாளரிடம் கொடுத்து, உங்கள் வாடிக்கையாளர் என்ன பதில் போடுவார் என்று நிரப்பச் சொல்லலாம். இரண்டு தாளும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே முதல் இடைவெளி இருக்கிறது. டெக்னீஷியனிடம் மாதக் கடைசியில் உன்னை எதை வைத்து அளக்கிறார்கள் என்று கேட்டால் இரண்டாவது தெரியும். அவர் நாளில் பாதியை எது தின்கிறது, எந்த உதிரிபாகத்துக்காகத் திரும்பத் திரும்ப அலைகிறார் என்று கேட்டால் மூன்றாவது. விளம்பரத்தையும் சேவை விதியையும் ஒரே மேஜையில் வைத்து வாசித்தால் நான்காவது. நம் நிறுவனம் இதைச் செய்திருந்தால், ஒரே வீட்டின் ஒரே சாதனத்துக்கு ஒரு வாரத்துக்குள் வரும் இரண்டாவது புகாரை முதல் புகாரின் தொடர்ச்சியாகவே எண்ணியிருக்கும். அந்த ஒரு மாற்றத்திலேயே திரையில் இருந்த பச்சை நிறத்தில் பாதி சிவப்பாகியிருக்கும்.

எதிர்பார்ப்பைக் குறைத்துவிட்டால் இடைவெளியும் மூடிவிடுமே என்று சிலருக்குத் தோன்றும். ஓரளவுக்கு உண்மை, அந்தத் தெருமுனை மெக்கானிக் செய்தது அதுதான். ஆனால் எல்லை உண்டு. எதிர்பார்ப்பு நிறுவனத்தின் வாயிலிருந்து மட்டும் பிறப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, நம் பழைய அனுபவம், இன்றைய அவசரம் எல்லாம் அதில் சேர்கின்றன. 10 நாள் ஆகும் என்று நேர்மையாகச் சொல்லும் நிறுவனத்தின் மேல் கோபம் வராது. வியாபாரமும் வராது.

சட்டத்தின் பார்வை இதில் வேறு. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாடு என்று சொல்லும்போது, சட்டப்படி இருக்க வேண்டிய தரத்தையும், ஒப்பந்தத்தின்படியோ வேறு வகையிலோ செய்வதாக ஏற்றுக்கொண்டதையும் வைத்துத்தான் பார்க்கிறது. மனதில் இருந்த எதிர்பார்ப்பு அங்கே எடுபடாது, எழுத்தில் இருக்கும் வாக்குறுதி எடுபடும். அதனால் புகார் பதியும்போதே 24 மணி நேரம் என்பது போனுக்கா, ஆள் வருவதற்கா, ஏசி ஓடுவதற்கா என்று கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ வாங்கி வைப்பது நல்லது. ஏசி ஓடும்வரை ஓடிபி சொல்ல வேண்டியதில்லை. டெக்னீஷியன் தம்பிக்கு அன்று பெண்டிங் காட்டும், அவருக்குச் சங்கடம்தான். ஆனால் அந்தப் பெண்டிங் எண்ணிக்கை ஏறினால்தான் அவருடைய பையில் போர்டு ஏன் இல்லை என்று மேலே யாராவது கேட்பார்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.